தேனிலவுத் தம்பதிக்கும் முக்கிய விருந்தினருக்கும் டர்ன்டவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில்தான் அறையைச் சுத்தம் செய்துவிடுகிறோமே, மாலையில் எதற்காக மறுபடியும் போக வேண்டும்?

காலையில் செய்யும் வேலை அறையைப் பகலுக்கு ஏற்றதாக்குகிறது. ஹோட்டல்களில் டர்ன்டவுன் எனப்படும் மாலை வேலை அதே அறையைத் தூங்குவதற்கு ஏற்றதாக மாற்றுகிறது. பெட் கவர், கால்மாட்டில் குறுக்கே விரிக்கும் ரன்னர் துணி, அலங்காரத் தலையணைகள் ஆகியவற்றை எடுத்து மடித்து அலமாரியில் வைப்பது, டூவெட் என்னும் தடித்த போர்வையின் மேல் மூலையை ஒரு முழ அளவுக்குச் சாய்வாக மடித்து விருந்தினர் உள்ளே நுழைய வழி செய்வது, திரைச்சீலைகளை இழுத்து மூடுவது, கட்டிலருகே கால்மிதியை விரித்துச் செருப்பை வைப்பது, தண்ணீரும் கண்ணாடிக் குவளைகளும் வைப்பது, நனைந்த துண்டுகளை மாற்றிக் குளியலறைத் தரையைத் துடைப்பது, குப்பையை அகற்றுவது, கடைசியாகக் கட்டில் விளக்கை மட்டும் எரியவிட்டு வெளியேறுவது என்று வேலை ஓர் ஒழுங்கில் போகும். வழக்கமான அறையில் இதற்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும்.

அறையில் ஒருவர் மட்டும் தங்கியிருந்தால் தொலைபேசி இருக்கும் பக்கத்தை மடிப்பார்கள். இருவர் என்றால் இரு பக்கமும் மடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மடித்துவிட்டு வருவது உண்டு. தேனிலவுத் தம்பதியின் அறையில் அது உடனே கண்ணில் படும்.

தேனிலவுத் தம்பதி வருவதற்கு முன்பே கட்டிலில் பூ அலங்காரத்தைச் செய்து வைத்துவிடலாமா?

பெரும்பாலான ஹோட்டல்களில் அப்படித்தான் செய்கிறார்கள். என் கருத்தில் அது தவறான நேரம். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் வரும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரம், அதன் பிற்பாதி முழுக்க மலைப்பாதை வளைவுகள். திருமணச் சடங்குகளின் அலுப்பு இன்னும் தீராமல், பாதி வழியில் வாந்தியும் எடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள் நுழைபவர்களுக்கு முதலில் வேண்டியது வெந்நீரும் படுக்கையும்தான். அந்தக் கட்டில் முழுவதும் ரோஜா இதழால் இதயம் வரைந்திருந்தால், படுப்பதற்கு முன் அவர்களே அதை வாரி ஒதுக்க வேண்டியிருக்கும். பெட்டி வைக்கவும் இடம் இருக்காது. இதழ்கள் தரையில் விழுந்து மிதிபட்டு, இரவுக்குள் வாடி, கம்பளத்தில் கறையாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே ஏற்பாட்டை இரண்டாகப் பிரிப்பது நல்லது. வருகையின்போது மேசையில் ஒரு சிறிய பூச்சாடி, வாழ்த்து அட்டை, பழத்தட்டு ஆகியவை போதும். கட்டில் சுத்தமாக, வெறுமையாக இருக்கட்டும். இதழ் அலங்காரம், குளியல் துண்டில் செய்த அன்னப்பறவைகள், கேக் எல்லாம் அவர்கள் இரவு உணவுக்குப் போயிருக்கும் நேரத்தில், டர்ன்டவுனோடு சேர்ந்து வரட்டும். ஓய்வெடுத்து, உடை மாற்றி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அறை மாறியிருப்பதைக் காண்பதில்தான் அந்த அலங்காரத்தின் பயன் இருக்கிறது.

அவர்கள் எப்போது வெளியே போவார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகிக்கக் கூடாது. அறையைக் காட்டிக் கொடுக்கும்போதே ஃப்ரன்ட் ஆபீஸ் ஊழியர், இரவு உணவுக்கு எத்தனை மணிக்கு மேசை ஒதுக்கட்டும் என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த நேரத்தை ஃப்ளோர் சூப்பர்வைசருக்குத் தெரிவிக்க வேண்டும். மீதிப் பாதி உணவகத்தின் கையில் இருக்கிறது.

மேலே சொன்ன தம்பதி 7.45க்கு மேசை கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7.30க்குள் ஒரு தட்டில் உதிர்த்த இதழ்கள், இரண்டு கூடுதல் குளியல் துண்டுகள், பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்திகள், விரிப்பு, உறை போன்ற மாற்று லினன் எல்லாம் அந்தத் தளத்தின் பொருள் அறையான ஃப்ளோர் பேன்ட்ரியில் தயாராக இருக்க வேண்டும். கேக் பேஸ்ட்ரி சமையலறையின் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பதி மேசையில் அமர்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு உணவக ஊழியர் ஹவுஸ்கீப்பிங்குக்கு அழைத்துச் சொல்கிறார். அவர்கள் அறையைவிட்டுக் கிளம்பியவுடன் உள்ளே போவது ஆபத்து. மலையில் குளிர் கூடியிருப்பதைப் பார்த்து ஸ்வெட்டர் எடுக்க ஐந்தே நிமிடத்தில் திரும்பி வருபவர்கள் அதிகம். ஆர்டர் கொடுத்துவிட்டால் குறைந்தது முக்கால் மணி நேரம் நம் கையில் இருக்கும்.

இருவராகப் போனால் பதினைந்து நிமிடங்களில் முடித்துவிடலாம். ஒருவர் குளியலறை, குப்பை, தண்ணீர், திரைச்சீலை ஆகியவற்றைக் கவனிக்க, மற்றவர் கட்டிலை மட்டும் பார்க்கிறார். சூப்பர்வைசர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன பின், தம்பதி இனிப்புக்கு வந்துவிட்டார்கள் என்ற தகவல் கிடைத்ததும் ரூம் சர்வீஸ் கேக்கைக் கொண்டுவந்து வைக்கிறது. கேக்கை முதலிலேயே வைத்துவிட்டால் ஹீட்டர் போட்ட அறையில் க்ரீம் இளகி, மேலே எழுதிய பெயர் வழிந்துவிடும்.

எந்தப் பூவைப் பயன்படுத்த வேண்டும்? விரிப்பில் கறை படிகிறதே, அதைத் தவிர்க்க முடியுமா?

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் நீண்ட காம்பு ரோஜாக்கள் இதற்கு ஏற்றவை. இதழ் தடிமனாக இருப்பதால் சீக்கிரம் துவளாது. மாலைக்குப் பயன்படும் பன்னீர் ரோஜாவின் மணம் உயர்ந்ததுதான், ஆனால் இதழ் மெல்லியது. கை பட்டாலே கசங்கிச் சாறு விடும். மல்லிகையும் சம்பங்கியும் மூடிய அறையில் இரவு முழுவதும் இருந்தால் பலருக்குத் தலைவலி வரும். ஆகையால் ஒரு முழம் மல்லிகையைக் கட்டிலில் தூவாமல் சிறு தட்டில் தனியே வைத்துவிடலாம், பெண் விரும்பினால் சூடிக்கொள்வார். பூச்சாடியில் லில்லி வைப்பதாக இருந்தால் நடுவிலிருக்கும் மகரந்தப் பைகளை முன்பே கிள்ளி எடுத்துவிட வேண்டும். அந்த மஞ்சள் பொடி துணியில் பட்டால் எளிதில் போகாது.

கறைக்கு முக்கியக் காரணம் ஈரம். பூக்கடையில் தண்ணீர் தெளித்து வைத்த ரோஜாவை அப்படியே உதிர்த்து வெள்ளை விரிப்பில் போடுகிறார்கள். அதன் மேல் ஒருவர் உட்கார்ந்தால் சாயம் அச்சடித்தாற்போல் இறங்கிவிடும். காம்பைத் தண்ணீரில் வைத்திருந்து, தேவைக்கு அரை மணி முன்பு இதழ்களை உதிர்த்து, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போன பிறகே பயன்படுத்த வேண்டும். செய்தித்தாளில் பரப்பினால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும். ஓரம் கறுத்த இதழ்களையும் கசங்கியவற்றையும் அப்போதே பொறுக்கிவிட வேண்டும்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கட்டிலின் மேற்பாதியை டர்ன்டவுனுக்கு விட்டுவிட்டு, கால்மாட்டில், ரன்னர் இருந்த இடத்தில் ஒரு சுத்தமான வெள்ளை விரிப்பை மடித்துப் போட்டு, அலங்காரத்தை அதன்மேல் மட்டும் செய்யுங்கள். இரண்டடி அகலத்தில் ஒரு இதய வடிவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைய 8 முதல் 10 ரோஜாக்கள் போதும். உள்ளேயும் நிரப்பினால்தான் பூ அதிகம் தேவைப்படும், பார்வைக்கும் அது அவ்வளவு அழகாக இராது. படுக்க நினைக்கும்போது அந்த விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, இதழ்கள் ஒன்றும் சிந்தாமல் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். கட்டில் முழுக்க இதழ் இறைப்பது விளம்பரப் புகைப்படத்துக்குப் பொருந்தும். அதில் தூங்கப் போகிறவர்களுக்குப் பொருந்தாது.

அப்படியும் கறை பட்டுவிட்டால், மற்ற லினனோடு சேர்க்காமல் தனியே சலவைக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு ரோஜாவின் சாயம் காரத்தில் நீலச் சாம்பல் நிறமாக மாறும் இயல்புடையது. அதனால் நேராகச் சலவைத் தூளும் சுடுநீரும் சேர்த்துப் போட்டால் சிவப்பாக இருந்தது நீலமாகத் திரும்பி வரும். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, சிறிது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, நிறம் மங்கிய பின்னர் வழக்கமான சலவைக்குப் போட வேண்டும்.

துண்டில் அன்னம் செய்து வைப்பதை விருந்தினர்கள் உண்மையிலேயே விரும்புகிறார்களா?

பலர் விரும்பிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் குளியலறையில் இருக்க வேண்டிய துண்டுகளை எடுத்து அன்னம் செய்யாதீர்கள். இரவில் குளிக்கப் போகிறவர் ஈரக் கையோடு வந்து அன்னத்தைக் கலைக்க வேண்டியிருக்கும். அலங்காரத் துண்டுகள் எப்போதும் கணக்குக்கு மேற்பட்டவையாக இருக்க வேண்டும். கழுத்து சாயாமல் நிற்க வேண்டுமென்றால் துண்டின் ஒரு மூலையிலிருந்து இரு ஓரங்களையும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். பழைய, மெலிந்த துண்டு நிற்காது.

பாத் டப்பில் பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

விருந்தினர் கேட்டால் செய்யலாம். கேட்காமல் நிரப்பி வைக்க வேண்டாம். கொடைக்கானல் குளிரில் நிரப்பிய டப் அரை மணியில் வெதுவெதுப்பை இழந்துவிடும். அவர்கள் வரும்போது ஆறிய நீரில் மிதக்கும் இதழ்களைத்தான் பார்ப்பார்கள். எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டு, அதற்கு இருபது நிமிடம் முன்பு நிரப்பத் தொடங்குவதே முறை. வடிகால் வாயில் சல்லடை வைக்காவிட்டால் இதழ்கள் குழாயை அடைக்கும். மறுநாள் காலை பிளம்பரை அழைப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. குளியல் எண்ணெய் ஊற்றினால் டப்பின் அடி வழுக்கும். எனவே ரப்பர் விரிப்பு கட்டாயம். பூப்பண்ணைகளில் பூச்சிமருந்து தாராளமாக அடிப்பார்கள் என்பதால் டப்பில் போடும் இதழ்களை நன்றாக அலச வேண்டும். அதே காரணத்தால் கேக்கின் மேல் அவற்றை வைக்கவே கூடாது.

ஆள் இல்லாத அறையில் நிஜ மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வருவது எந்தச் சூழலிலும் கூடாது. திரைச்சீலை, டூவெட், மரத்தரை எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. பேட்டரி மெழுகுவர்த்திகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. இரவில் அவர்கள் அணைக்க மறந்தாலும் ஒன்றும் ஆகாது. அறை ஹீட்டருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: தம்பதி திரும்பும் வேளையில் அறை கதகதப்பாக இருக்க வேண்டுமென்று, பின்னால் திரைச்சீலை தொங்கும் இடத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வராதீர்கள். அதைவிட, உறையிட்ட வெந்நீர்ப் பையை டூவெட்டுக்குள் கால்மாட்டில் வைப்பது பாதுகாப்பானது. கொதிநீர் ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கிய பின் தலைகீழாகப் பிடித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை தொங்குகிறது, ஆனால் தேனிலவுப் பேக்கேஜில் அலங்காரத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறோம். என்ன செய்வது?

அட்டை தொங்கினால் கதவைத் தட்டக் கூடாது, அழைப்பு மணி அடிக்கக் கூடாது, தொலைபேசியும் கூடாது. தேனிலவு அறையில் இந்த விதிக்கு விலக்கே இல்லை. டர்ன்டவுன் செய்ய வந்தோம், வேண்டும்போது அழையுங்கள் என்று அச்சிட்ட சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நேரத்தோடு ஃப்ளோர் ரிப்போர்ட்டில் குறித்து, டியூட்டி மேனேஜருக்குச் சொல்லிவிட வேண்டும். பணம் வாங்கிய அலங்காரத்தை மறுநாள் இரவுக்கு மாற்றலாம். ஒரே இரவு தங்குபவர்கள் என்றால் கேக்கையாவது காலை உணவு மேசையில் கொடுத்துவிடலாம். மறுநாள் மதியம் வரை அட்டை அப்படியே இருந்தால், நலமாக இருக்கிறார்களா என்று விசாரிக்க டியூட்டி மேனேஜர் அழைப்பார். அது அவருடைய வேலை. ரூம் பாயின் வேலை அல்ல.

அட்டை இல்லாமல் உள்ளே ஆள் இருந்தால், கதவைத் தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லிக் காத்திருங்கள். திறந்தவுடன், இப்போது செய்யட்டுமா, பிறகு வரட்டுமா என்று கேட்டு, பிறகு என்றால் தண்ணீரையும் சாக்லேட்டையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே அழைத்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும்; இதழ் அலங்காரத்தை அவர்கள் முன்னிலையில் செய்ய முற்படாதீர்கள். இருவரும் சுவரோடு சுவராக நின்று வேடிக்கை பார்க்கும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

கட்டிலின் மேல் நகையும் புடவையும் பரப்பிக் கிடக்கின்றன. எடுத்து வைத்துவிட்டுச் செய்யலாமா?

நகை, பணம், பாஸ்போர்ட் இவற்றில் எதுவும் கட்டிலில் இருந்தால் கட்டிலைத் தொடவே வேண்டாம். புதுமணத் தம்பதியின் அறையில் இது அடிக்கடி நடக்கும். வாசலிலிருந்தே சூப்பர்வைசரை அழைத்துக் காட்டிவிட்டு, மற்ற வேலைகளை மட்டும் முடித்து, கட்டில் செய்யப்படாததற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அலங்காரத்தை மேசையில் சிறு அளவில் செய்யலாம். வெறும் உடைகள் என்றால் அவற்றை மடித்து நாற்காலியில் வைக்கலாம்; உள்ளாடைகளைத் தொடாமல் விட்டுவிடுவதே மரியாதை.

முக்கிய விருந்தினருக்கு இதிலிருந்து என்ன மாறும்?

அலங்காரம் குறையும், கவனிப்பு கூடும். யார் விஐபி, எந்த நிலை என்பதை ஃப்ரன்ட் ஆபீஸ் அல்லது பொது மேலாளர் அலுவலகம் முடிவு செய்து, அறையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லும் அமெனிட்டி ஆர்டர் அனுப்பும். அதன் நகல் சமையலறைக்கும் ரூம் சர்வீஸுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போக வேண்டும். பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது: அறை எண் கடைசி நேரத்தில் மாறியிருக்கும், பழத்தட்டு பழைய அறையில் வேறொருவருக்காகக் காத்திருக்கும். எனவே வருகைக்கு ஒரு மணி நேரம் முன்பு அறை எண்ணை மறுபடி உறுதிசெய்துகொண்டுதான் எதையும் உள்ளே வைக்க வேண்டும். வாழ்த்து அட்டையில் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அப்போதே நடக்க வேண்டும்.

பழத்தட்டில் முழுப் பழங்களையே வைக்க வேண்டும், வெட்டியவை கூடாது. தட்டு, பழக்கத்தி, முட்கரண்டி, நாப்கின் உடன் இருக்க வேண்டும். அந்தந்தப் பருவத்தில் மலையில் விளையும் பிளம்ஸ், பேரிக்காய், மலைவாழை ஆகியவற்றை வைப்பது இறக்குமதி ஆப்பிளைவிட நன்றாக எடுபடும். மலைவாழையைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துவிடும். சர்க்கரை நோய், சைவம், முட்டை சேர்க்காதது, கொட்டைப் பருப்பு ஒவ்வாமை ஆகியவற்றை முன்பதிவின்போதே கேட்டு ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும். தலையணையில் வைக்கும் சாக்லேட்டுக்கும் இது பொருந்தும், ஏனெனில் சில வகைகளில் மதுவோ பருப்போ கலந்திருக்கும்.

முக்கிய விருந்தினர் அறையில் முதல் இரவைவிட இரண்டாவது இரவுதான் வேலை தெரிந்தவரைக் காட்டும். முதல் நாள் இரு பக்கமும் மடித்திருப்போம். மறுநாள் மாலை போகும்போது வலப்பக்கச் சிறுமேசையில் மூக்குக் கண்ணாடியும் பாதி காலியான தண்ணீர்க் குவளையும் இருக்கின்றன, இரண்டு தலையணைகளில் ஒன்று நாற்காலிக்குப் போயிருக்கிறது, சாக்லேட் தொடப்படவில்லை, வாழைப்பழம் தீர்ந்திருக்கிறது. இவை அனைத்தும் சொல்லப்படாத ஆர்டர்கள். வலப்பக்கத்தை மட்டும் மடித்து, தண்ணீரை அந்தப் பக்கமே வைத்து, ஒரே தலையணையை விட்டு, சாக்லேட்டுக்குப் பதிலாக மேலும் இரண்டு பழங்களை வைத்து, இந்தக் குறிப்பை விருந்தினர் பதிவில் ஏற்றிவிட்டால் அடுத்த முறை அவர் வரும்போது யாரும் கேட்க வேண்டியிருக்காது. பாதுகாப்புடன் வரும் அரசுப் பிரமுகர் என்றால், அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி உடன் இல்லாமல் எந்த நேரத்திலும் உள்ளே போகக் கூடாது.

தேனிலவு என்று பொய் சொல்லி இலவசக் கேக் வாங்குகிறார்களே?

இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது ஹோட்டலின் வேலை அல்ல. ஒரு கேக்கின் செலவைவிட ஒரு தவறான கேள்வியின் செலவு அதிகம். ஆனால் முன்பதிவில் தேனிலவு என்று வேறு யாரோ எழுதியிருக்கவும் கூடும். ஆகவே கேக்கில் எழுத வேண்டிய பெயர்களையும் வாசகத்தையும் பதிவு செய்தவரிடம் தனியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பத்தாம் திருமண நாளுக்கு வந்தவர்களுக்குப் புதுமண வாழ்த்து எழுதிய கேக் போன கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

விருந்தினராக நாங்கள் டர்ன்டவுன் வேண்டாம் என்று சொல்லலாமா? தனிக் கட்டணம் உண்டா?

தாராளமாகச் சொல்லலாம், செக்-இன் செய்யும்போது ஒரு வார்த்தை போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டர்ன்டவுன் தரும் ஹோட்டல்களில் பொதுவாக அது அறை வாடகையிலேயே அடங்கும். பூ அலங்காரமும் கேக்கும் பேக்கேஜில் இருக்கின்றனவா, தனி பில் வருமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூ ஒவ்வாமை இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலை அந்த இதழ்களை எப்போது அகற்றுவது?

காலைச் சுத்தத்தின்போதே முழுவதும் அகற்றிவிட வேண்டும். வாடிய இதழும் கேக் துணுக்கும் சேர்ந்தால் எறும்பு வர ஒரு பகல் போதும். தனித்தனிக் காட்டேஜ்களில் இன்னும் சீக்கிரம் வரும். கட்டிலுக்கு அடியிலும் தலைப்பலகைக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். கம்பளத்தில் ஒட்டிய இதழைத் துடைப்பத்தால் தேய்த்தால் சாயம் பரவும். கையால் பொறுக்கிய பிறகே வாக்யூம் போட வேண்டும். உறையிட்ட வாழ்த்து அட்டையையும் சாடியிலுள்ள பூக்களையும் மட்டும் விருந்தினர் கிளம்பும் வரை விட்டுவையுங்கள். பலர் அட்டையை எடுத்துச் செல்கிறார்கள்.